டெபாசிட்டுக்கு எதற்கு அலாட்மென்ட்?

"மாநில அரசுத் துறை ஒன்றுக்குப் பள்ளிக் கட்டடம் கட்டி 2022 ஜூனில் ஒப்படைத்தேன். பில்களில் பிடித்த 1,80,000 ரூபாய் டெபாசிட் இன்னும் திரும்பவில்லை. 'அலாட்மென்ட் வரவில்லை' என்கிறார்கள். பத்து சதவீதம் கொடுத்தால் அரசின் அவசர நிதியிலிருந்து வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?"

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் நிதிக்கும் உங்கள் பணத்துக்கும் தொடர்பே இல்லை.

அரசின் வரி வருவாயும் அது வாங்கும் கடனும் தொகுப்பு நிதியில் சேர்கின்றன. அதிலிருந்து பணம் எடுக்கச் சட்டமன்றம் நிதி ஒதுக்கச் சட்டம் இயற்ற வேண்டும். அந்த அனுமதியின்படி அலுவலகத்துக்கு வரும் ஒதுக்கீடுதான் அலாட்மென்ட். அந்த அனுமதி மார்ச் 31 வரைதான் செல்லும். உங்கள் பில் தொகை வந்தது இங்கிருந்துதான். பில்லுக்கு 'அலாட்மென்ட் இல்லை' என்று சொல்லியிருந்தால் அதில் அர்த்தம் இருந்திருக்கும்.

டெபாசிட் கதை வேறு. பில் போட்ட அன்றே வேலையின் முழு மதிப்பும் கட்டடச் செலவாக எழுதப்பட்டுவிட்டது. பிடித்த தொகை மட்டும் உங்கள் கைக்கு வராமல் பொதுக் கணக்குக்கு மாற்றப்பட்டது. அதாவது, சட்டமன்றம் அந்த 1,80,000 ரூபாய்க்கு ஏற்கெனவே ஒருமுறை அனுமதி கொடுத்தாகிவிட்டது. பொதுக் கணக்கில் உள்ளது அரசு பிறருக்காக வைத்திருக்கும் பணம்; டெபாசிட்டும் ஊழியர்களின் சேமநிதியும் அங்கேதான் இருக்கின்றன. உரியவருக்குத் திருப்பித் தர மறுபடியும் சட்டமன்ற ஒப்புதல் தேவையில்லை. இதை அலுவலகத்தில் யாரும் உங்களிடம் சொல்லாததுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. கருவூலத்தில் ரொக்கத் தட்டுப்பாட்டால் தாமதம் ஆகலாம். அப்படியானால் அதை அப்படியே எழுதித் தரட்டும்.

பணம் எங்கே இருக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். பில் நகலில் நான்கு இலக்கக் கணக்குத் தலைப்பு எண் இருக்கும். கட்டடச் செலவு 4202 போன்ற எண்ணில் இருந்தால் அது தொகுப்பு நிதி. பிடித்தம் 8443 என்ற தலைப்பில் இருந்தால் அது பொதுக் கணக்கு. இரண்டுக்கும் நடுவே 8000 என்ற ஒரே ஓர் எண், எதிர்பாராச் செலவு நிதிக்கு உரியது. அந்த 'அவசர நிதி' இதுதான்.

ஐப்பசி மழையில் ஏரிக்கரை உடைந்து, பட்ஜெட்டில் அதற்குப் பணம் இல்லாவிட்டால், சட்டமன்றம் கூடும்வரை காத்திருக்க முடியாது. அப்போது அரசு இந்த நிதியிலிருந்து முன்பணம் எடுக்கும். பிறகு கூடுதல் பணம் கேட்கும் துணை மானியக் கோரிக்கை சட்டமன்றத்தில் நிறைவேறியதும் தொகுப்பு நிதியிலிருந்து அதை ஈடுகட்டிவிடும். ஒப்பந்தம் போட்ட அன்றே தெரிந்த டெபாசிட்டுக்கு இதில் இடமில்லை. 'அவசர நிதி' என்ற பெயரைக் காட்டி இப்படிக் கமிஷன் கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விசாரித்தால், டெபாசிட் தானாகப் பாஸ் ஆகும் நாளைத் தெரிந்துகொண்டு முந்திக்கொண்டு வந்தவர்களாகவே இருப்பார்கள்.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது காலாவதிக்குத்தான். கேட்காமல் கிடக்கும் டெபாசிட், மூன்று முழு நிதியாண்டுகள் கடந்தால் மார்ச் இறுதியில் அரசு வருவாயாக எழுதப்பட்டுவிடும். கட்டடம் முடிந்த நாளிலிருந்து அல்ல, பணம் திருப்பித் தரத்தக்கதான நாளிலிருந்து இந்தக் கணக்கு தொடங்குகிறது. கட்டடத்தில் குறை தெரிந்தால் நீங்களே சரிசெய்து தர வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஒப்பந்தத்தில் ஓராண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2023 ஜூனில் அது திருப்பித் தரத்தக்கதாகிறது. அந்த நிதியாண்டின் மிச்ச மாதங்களை விட்டுவிடுங்கள். 2024-25, 2025-26, 2026-27 என்று மூன்றும் முடியும் 2027 மார்ச் 31 உங்கள் எல்லை. பொறுப்புக் காலம் ஈராண்டானால் எல்லையும் ஓராண்டு தள்ளிப்போகும். ஆகவே முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். எல்லை தாண்டினாலும் பணம் கைவிட்டுப் போவதில்லை. ஆனால் அது பொதுக் கணக்கை விட்டுத் தொகுப்பு நிதிக்குப் போய்விடுகிறது. பழைய பதிவேட்டைத் தேடி, மாநிலக் கணக்காயர் அலுவலகம் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். தேடும் பதிவேடு பெரும்பாலும் கிடைக்காது. பிறர் பணத்தைத் திருப்பித் தர மறந்த அலுவலகத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை, அலைவது மட்டும் உங்கள் பங்கு.

இந்த வாரமே செயற்பொறியாளருக்கு எழுதுங்கள். ஒப்பந்த எண், ஒவ்வொரு பில்லின் வவுச்சர் எண்ணும் தேதியும், பிடித்த தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பணிநிறைவுச் சான்றை இணையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். கேட்டீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: என் டெபாசிட் எந்தக் கணக்குத் தலைப்பில், வைப்புப் பதிவேட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அதைத் திருப்பித் தர எந்த விதியின்படி அலாட்மென்ட் தேவை? 30 நாளில் பதில் தர வேண்டும்.