முதல் வகுப்பில் தெரியும் உயர வித்தியாசம்

வணக்கம் ஐயா,

அரசுத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற வாரம் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயரம் எடுத்தோம். நகரத்தில் தனியார் பள்ளியில் அதே வகுப்பு படிக்கும் என் அக்கா பையனைவிடப் பெரும்பாலானவர்கள் ஐந்தாறு செ.மீ. குறைவு. "அப்பா அம்மாவே குள்ளம் டீச்சர், பரம்பரை" என்கிறார்கள் வீட்டில். தினமும் முட்டையோடு சத்துணவு சாப்பிடும் பிள்ளைகள்தான். அப்புறம் ஏன் இப்படி?

எம்.,
தர்மபுரி மாவட்டம்

அன்புள்ள எம்.,

முதலில் வயதைப் பாருங்கள், வகுப்பைப் பார்க்க வேண்டாம். இந்த வயதில் ஒரு பிள்ளை மாதத்துக்கு அரை செ.மீ. வளரும். உங்கள் அக்கா பையன் ஆறு மாதம் மூத்தவனாக இருந்தால் அதிலேயே மூன்று செ.மீ. போய்விடும். பள்ளியில் சேர்ப்பதற்காகத் தோராயமாகப் போட்ட பிறந்த தேதி இருந்தால் கணக்கே தவறிப்போகும். பிறப்புச் சான்றிதழையோ தடுப்பூசி அட்டையையோ பார்த்து, வயதை மாதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அளக்கும்போது செருப்பும் கொண்டையும் கூடாது. குதிகால், பிட்டம், பின்தலை மூன்றும் சுவரைத் தொட வேண்டும். சுவரடியில் டைல்ஸ் பட்டை துருத்திக்கொண்டிருந்தால் அந்தச் சுவர் உதவாது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் வித்தியாசம் இருக்கும். அதைப் பரம்பரை என்று தள்ளிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைக்காக பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். இந்தியாவுக்குத் தெற்கு தில்லி. தாய்ப்பால் குடித்த, புகைக்காத தாய்மாருக்குப் பிறந்த, வசதிக்குறைவால் வளர்ச்சி தடைபடாத குழந்தைகள். ஐந்து வயதுவரை அவர்களின் வளர்ச்சி எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. உயரத்தில் தெரிந்த மொத்த வேறுபாட்டில் சுமார் 3 விழுக்காடு மட்டுமே ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடு. ஒரே தெருவில் ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை என்பதற்குப் பரம்பரை காரணமாக இருக்கலாம். ஒரு வகுப்பே குட்டையாக இருப்பதற்கு அது காரணமாகாது. அப்பா அம்மா குள்ளமாக இருப்பதும் அவர்களுடைய குழந்தைப் பருவம் எப்படிப் போனது என்பதன் அடையாளமாக இருக்கலாம். போதிய உணவில்லாமல் வளர்ந்து குட்டையான தாய்க்குக் குழந்தை பெரும்பாலும் சிறியதாகவே பிறக்கிறது. அதனால் ஒரே தலைமுறையில் இந்த இடைவெளி முழுதும் மூடாது.

நகரமா கிராமமா என்பதைவிட வீட்டின் வசதிதான் அதிகம் பேசுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியவர்கள், அதாவது வயதுக்குரிய கீழ் எல்லைக்கும் குறைவான உயரம் உள்ளவர்கள், கிராமத்தில் 37 விழுக்காடு, நகரத்தில் 30. ஏழு புள்ளி வித்தியாசம். அதே ஆய்வில் மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் 46, மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கில் 23. அப்படியே இரண்டு மடங்கு. அந்த 23-ஐயும் கவனியுங்கள். நன்றாக வளரும் சமூகத்தில் இது இரண்டு மூன்று விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மேல்தட்டு என்று அந்த ஆய்வு சொல்வது வீட்டின் கட்டுமானம், கழிப்பறை, குளிர்பெட்டி, வண்டி போன்றவற்றை வைத்துப் போட்ட வரிசைதான். வீட்டில் குளிர்பெட்டி இருப்பதாலேயே குழந்தையின் கிண்ணத்தில் முட்டை இருக்கிறது என்று ஆகிவிடாது.

இனி உங்கள் முட்டைக் கேள்வி. உங்கள் வகுப்பில் தெரியும் குறை பெரும்பாலும் இரண்டு வயதுக்குள்ளேயே விழுந்துவிட்டது. இரண்டு வயது ஆண் குழந்தையின் நடுவளவு 87 செ.மீ., கீழ் எல்லை 81. ஆறு செ.மீ. இடைவெளி. ஐந்து வயதில் நடுவளவு 110, கீழ் எல்லை ஏறத்தாழ 101. இடைவெளி ஒன்பது. கீழ் எல்லைக் கோட்டிலேயே வளரும் பிள்ளை, புதிதாக எந்தக் குறையும் நேராமலே, செ.மீ. கணக்கில் பின்தங்கிக்கொண்டே வருவான். பள்ளியில் சாப்பிடும் முட்டை அவனுக்கு மிகவும் தேவை. பசியில்லாமல் உட்கார வைக்கிறது, இரத்தத்துக்கும் தசைக்கும் உதவுகிறது. ஆனால் முதல் இரண்டு ஆண்டில் நழுவிப்போன உயரத்தை அது பெரிதாக மீட்டுத் தராது.

அந்த இரண்டு ஆண்டில் என்ன நடக்கிறது? ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு, தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாலும், மற்ற உணவிலிருந்து நாளைக்கு ஏறத்தாழ 550 கலோரி வேண்டும். எட்டு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 240 மில்லிதான் கொள்ளும். இப்போது கேழ்வரகுக் கூழைக் கணக்குப் பாருங்கள். 25 கிராம் மாவைக் கரைத்துக் காய்ச்சிய கால் லிட்டர் கூழில் இருப்பது எண்பது கலோரி சொச்சம். நாளுக்கு மூன்று வேளை வயிறு நிறையக் குடித்தாலும் 250-ஐத் தாண்டாது. குழந்தை அழாது, தூங்கும், தாய்க்கும் நிம்மதி. அதனால்தான் இது யார் கண்ணிலும் படுவதில்லை. அதே அளவுக் கூழில் மாவை இரட்டிப்பாக்கி ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் இருநூறைத் தொடும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்கும் பதம்தான் சரியான பதம்.

வயிறு நிறைவதோடு எலும்பு நீண்டுவிடாது. பால், முட்டை, மீன், பருப்பு, கீரை மாறி மாறிச் சேர வேண்டும். ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை உள்ள இந்தியக் குழந்தைகளில் போதிய வகையும் வேளையும் சேர்ந்த உணவு கிடைப்பது நூற்றுக்குப் பதினொருவருக்குத்தான் என்கிறது மேலே சொன்ன ஆய்வு.

அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆனால் கழிப்பறை கட்டிக் கொடுத்தால் உயரம் கூடிவிடும் என்று எதிர்பார்த்து வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே நாடுகளில் நடத்திய பெரிய சோதனைகளில் உயரம் கூடவில்லை. கூடுதல் உணவும் அதற்கான ஆலோசனையும் கொடுத்த குழுக்களில் மட்டும் சற்றே கூடியது, அதுவும் ஒரு செ.மீ.க்குள்தான். எந்த ஒரு திட்டமும் தனியாக இதைத் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்களால் முடிவது ஒன்று உண்டு. உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டில் இரண்டு வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருக்கிறார்களா என்று கேட்டு, அங்கன்வாடி அம்மாவிடம் சொல்லுங்கள். அங்கே தரும் சத்துமாவு அந்தக் குழந்தைக்கே போகிறதா, வீடு முழுக்கப் பகிரப்படுகிறதா என்று விசாரியுங்கள். நீளம் எடுக்கும்போது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்தே அளக்க வேண்டும். நிற்கவைத்தால் 0.7 செ.மீ. குறைவாக வரும். 22 மாத ஆண் குழந்தை படுத்த நிலையில் 80.6 செ.மீ. என்றால் எல்லைக்கு மேலே இருக்கிறான். அவனையே "ரெண்டு வயசு" என்று எழுதினால் படுத்த அளவுக்கான எல்லை 81.7 ஆகி, குன்றியவன் பட்டியலில் போய்விடுவான். ஒரே அளவை வைத்து முடிவுக்கு வராமல் மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் மூன்று மாதத்தில் சுமார் மூன்று செ.மீ. கூடியிருக்க வேண்டும். அதில் பாதிதான் கூடியிருக்கிறது என்றால் உடனே அந்தக் குழந்தையின் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும்.