மனேஜரிடம் சம்பள முற்பணம் கேட்பது எப்படி?

கேள்வி: உப்புவெளியில ஒரு ஹோட்டல்ல வேலை. அம்மாவுக்கு அவசரமா ஸ்கேன் எடுக்கோணும். மனேஜரிட்ட 15,000 ரூபா முற்பணம் எப்பிடிக் கேக்கிறது?

பதில்: தொகையோடு, அதை எப்படிக் கழிப்பது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். மனேஜர்கள் அதிகம் தயங்குவது காசு எப்போது திரும்பும் என்று தெரியாதபோதுதான்.

சம்பளம் 60,000 என்று வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 4,800 ரூபா போக, கைக்கு 55,200 வரும். முற்பணம் எடுத்தாலும் அந்த 4,800 குறையாது. ஒரே மாதத்தில் 15,000ஐயும் வெட்டினால் மிஞ்சுவது 40,200. வாடகை கட்டியபின் திரும்பவும் கடன் கேட்க வேண்டிவரும். இரண்டு தவணை என்றால் மாதம் 47,700 நிற்கும். அதையே கேளுங்கள்.

காலைச் சாப்பாட்டு நெரிசல் முடிந்தபின், தனியாக: “சேர், அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கினம். 15,000 முற்பணம் தேவைப்படுது. வாற ரெண்டு மாதமும் 7,500 படி சம்பளத்தில வெட்டுங்கோ.”

சம்மதித்தால் இதையே கடிதமாக எழுதிக் கொடுத்து, கையெழுத்திட்ட பிரதி ஒன்றை வைத்திருங்கள். மூன்றாம் மாதச் சம்பளச் சிட்டையையும் கட்டாயம் பாருங்கள். கழிவை நிறுத்த மறந்துவிட்டால், அந்தப் பிரதியைக் காட்டித்தான் திருத்தலாம்.