கால் குவிந்த இடமெல்லாம் தடைச்சுவர் ஆகுமா?

"நிஃப்டி ஆப்ஷன் செயினில் கால் ஓப்பன் இன்ட்ரஸ்ட் அதிகமாக இருக்கும் ஸ்ட்ரைக்கை ரெசிஸ்டன்ஸ் என்றும், புட் அதிகமாக இருக்கும் ஸ்ட்ரைக்கை சப்போர்ட் என்றும் எடுத்துக்கொண்டு தினவர்த்தகம் செய்கிறேன். ஸ்ட்ரைக்கிலிருந்து பத்துப் புள்ளி தள்ளி ஸ்டாப் லாஸ் வைப்பேன். பாதி நாள் அந்த இடத்தில் சந்தை திரும்புகிறது. மீதி நாள் நின்றுகூடப் பார்க்காமல் அதை உடைத்துக்கொண்டு ஓடுகிறது. நான் எதைப் பார்க்கத் தவறுகிறேன்?"
— வாசகர், ஈரோடு

திரும்பும் நாளிலும் உடைக்கும் நாளிலும் காலை பத்து மணிக்கு ஆப்ஷன் செயின் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கும். வேறுபாடு அதற்குப் பிறகுதான் தெரியத் தொடங்கும். நீங்கள் பார்க்கத் தவறுவது அந்த மாற்றத்தை.

ஓப்பன் இன்ட்ரஸ்ட் என்பது இன்னும் முடிக்கப்படாமல் இருக்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் வாங்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர் உண்டு. 25,200 காலில் ஒன்றரை லட்சம் ஒப்பந்தங்கள் என்றால், அந்த நிலையைச் சந்தை தாண்டாது என்று விற்றவர்கள் எத்தனையோ அத்தனைக்கு, தாண்டும் என்று வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அதை ரெசிஸ்டன்ஸ் என்று படிக்கும்போது, விற்றவர்தான் பெரிய கை, விவரம் தெரிந்தவர் என்று நாமாக ஊகித்துக்கொள்கிறோம். அட்டவணை அப்படிச் சொல்லவில்லை.

அந்த ஊகம் பாதி நாள் ஏன் பலிக்கிறது? விற்றவர் அப்படியே உட்கார்ந்திருக்க, வாங்கியவர் தன் அபாயத்தை ஃபியூச்சர்ஸில் சமன்செய்பவராக இருந்தால், சந்தை ஸ்ட்ரைக்கை நோக்கி ஏற ஏற அவர் ஃபியூச்சர்ஸை விற்பார், இறங்கினால் வாங்குவார். ஏற்றமும் இறக்கமும் மழுங்கி, விலை அந்த ஸ்ட்ரைக்கைச் சுற்றியே உலவும். மாறாக, விற்றவர் பயந்து சமன்செய்ய ஆரம்பித்தால் அவர் ஏற ஏற வாங்கியாக வேண்டும். அப்போது அதே குவியல் ஏற்றத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது. இரண்டு நிலையிலும் `OI` நிரலில் தெரிவது ஒரே எண்தான். ஆகவே விற்றவர் நிதானமாக இருக்கிறாரா, ஓடத் தொடங்கிவிட்டாரா என்பதைப் பக்கத்து நிரல்களிலிருந்து அனுமானிக்க வேண்டும்.

அதற்கு முன் இரண்டு பொறிகளைத் தள்ளிவிடுவோம். முதலாவது, செயினிலேயே மிகப் பெரிய எண் பெரும்பாலும் 25,500, 26,000 போன்ற முழு எண்களில் இருக்கும். அதில் கணிசமான பகுதி மார்ஜினைக் குறைப்பதற்காக வாங்கப்பட்ட மலிவு ஆப்ஷன்கள். அருகிலுள்ள ஸ்ட்ரைக்கை விற்பவர், தொலைவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒன்றை வாங்கி வைத்தால் அவருடைய மார்ஜின் நன்றாகக் குறையும். ஐந்து ரூபாய் ஆப்ஷனில் குவிந்த இரண்டு லட்சத்துக்கு இன்றைய தினவர்த்தகத்தில் பொருள் ஏதும் இல்லை. சந்தைக்கு மேலே ஐந்து, கீழே ஐந்து ஸ்ட்ரைக்குகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, `CHNG IN OI` நிரல். இது நேற்றைய முடிவோடு ஒப்பிட்ட மாற்றம். பிற்பகல் ஒரு மணிக்கு அதில் +40,000 என்று இருந்தால், காலையில் 75,000 சேர்ந்து பிறகு 35,000 வெளியேறியிருக்கலாம். திரை அப்போதும் பச்சையாகவே இருக்கும், நீங்களும் "விற்பனை கூடியிருக்கிறது" என்று நம்புவீர்கள். எனக்கு எழுதும் பெரும்பாலான வாசகர்கள் வழுக்கும் இடம் இதுதான். மருந்து பழைய காலத்து மருந்து: ஒரு நோட்டுப் புத்தகம். 9:45-க்கு ஒரு முறை, பிறகு கால் மணிக்கு ஒரு முறை, அந்தப் பத்து ஸ்ட்ரைக்குகளின் `OI`, `LTP` இரண்டையும் நிஃப்டியின் அப்போதைய நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்திலிருந்து எடுங்கள். என்.எஸ்.இ. தளம் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைக் காட்டுகிறது; சில புரோக்கர் திரைகள் அதை லாட் அளவால் பெருக்கிக் காட்டும்.

இனி ஒரு திங்கட்கிழமையை எடுத்துக்கொள்வோம். நிஃப்டியின் வாராந்திர எக்ஸ்பயரி 2025 செப்டம்பரிலிருந்து செவ்வாய்க்கு மாறிவிட்டதால் இது எக்ஸ்பயரிக்கு முந்தைய நாள். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

காலை 9:45. நிஃப்டி 25,065. 25,200 காலில் 1,60,000 ஒப்பந்தங்கள், பிரீமியம் 40 ரூபாய். உங்கள் முறைப்படி 25,200 ரெசிஸ்டன்ஸ். நானும் அப்படித்தான் குறித்துக்கொள்வேன், பென்சிலால்.

முற்பகல் 11:30. நிஃப்டி 25,150. அதாவது 85 புள்ளி ஏறியிருக்கிறது. 25,200 காலில் ஒப்பந்தங்கள் 1,95,000 ஆகிவிட்டன, பிரீமியம் 52. பிரீமியமும் ஏறியிருக்கிறதே, அப்படியானால் வாங்குபவர் கைதானே ஓங்கியிருக்கிறது என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள். நிஃப்டி ஒரு புள்ளி ஏறினால் பிரீமியம் எவ்வளவு ஏறும் என்பதுதான் டெல்டா. இந்தக் காலின் டெல்டா காலையில் ஏறக்குறைய 0.3, இப்போது 0.4-ஐ நெருங்குகிறது. நிஃப்டி 85 புள்ளி ஏறினால் பிரீமியம் 28 ரூபாய் அளவுக்குக் கூடியிருக்க வேண்டும்; நேரம் கரைந்ததற்குச் சில ரூபாய் கழித்தாலும் 65-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 52-தான் இருக்கிறது. அதாவது 35,000 புதிய ஒப்பந்தங்கள், கிடைத்த விலைக்குக் கொடுக்கும் மனநிலையில் உள்ளவர்களால் விற்கப்பட்டிருக்கின்றன. விற்றவர் நிதானமாக இருக்கிறார். இந்த நேரத்தில் 25,200 ஓரளவு நம்பத்தக்க தடை. பிரீமியம் ஏறியதா இறங்கியதா என்று மட்டும் பார்க்காமல், ஏற வேண்டிய அளவுக்கு ஏறியதா என்று கேட்பதுதான் இதில் முக்கியம்.

பிற்பகல் 1:15. நிஃப்டி 25,190. ஒப்பந்தங்கள் 1,70,000. பிரீமியம் 80. நாற்பது புள்ளி ஏற்றத்துக்கு 18 ரூபாய் கூடியிருந்தால் இயல்பு. 28 ரூபாய் கூடியிருக்கிறது. அதே நேரத்தில் 25,000 ஒப்பந்தங்கள் மறைந்துவிட்டன. இரண்டையும் சேர்த்துப் படித்தால், விற்றவர்கள் விலையைப் பாராமல் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். சந்தை இன்னும் 25,200-ஐத் தொடவில்லை, `CHNG IN OI` நிரலும் நேற்றைவிடக் கூடுதலாகவே காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் சுவரில் செங்கல் உருவப்படுகிறது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் அதே வரிசையின் மறுபக்கத்தைப் பாருங்கள்: 25,200 புட் காலையில் 20,000 ஒப்பந்தங்களோடு இருந்தது, இப்போது 55,000, நிஃப்டி ஏறியதற்கு இறங்க வேண்டிய அளவைவிட அதன் பிரீமியம் கூடுதலாக இறங்கியிருக்கிறது. அந்த நிலைக்குக் கீழே போகாது என்று சிலர் விற்கத் தொடங்கிவிட்டார்கள். இங்கே 25,200-ஐ ரெசிஸ்டன்ஸ் என்று நம்பிப் புட் வாங்குபவர், காலிசெய்துகொண்டு போகிறவர்களின் வீட்டுக்குள் குடிபுகுகிறார்.

தொடும் முன்னரே ஏன் ஓடுகிறார்கள்? பாடப்புத்தகக் கணக்குப்படி 40 ரூபாய்க்கு விற்றவருக்கு நட்டம் தொடங்குவது 25,240-க்கு மேலே. ஆனால் அது எக்ஸ்பயரி முடிவுக் கணக்கு. திங்கட்கிழமை மதியம் அவர் விற்ற ஆப்ஷன் 80 ரூபாய், விலை இரட்டிப்பு. பிரீமியம் இவ்வளவு சதவிகிதம் ஏறினால் வெளியேறு என்று ஸ்டாப் லாஸ் போட்டு வைத்திருப்பவர்கள் ஏராளம். 25,200-க்குப் பத்துப் பதினைந்து புள்ளி கீழேயே அந்த ஆர்டர்கள் வெடிக்கத் தொடங்கும், ஒன்று இன்னொன்றைத் தூண்டும். உங்களுக்கு நின்றுகூடப் பார்க்காமல் ஓடுவதாகத் தெரிவது இந்தத் தொடர்வெடிதான். 11:30-க்குள் புதிதாக 35,000 ஒப்பந்தங்களை விற்றவர்களும் இந்த வரிசையில் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்; குவியல் பெரிதாக இருந்ததால்தான் ஓட்டமும் வேகமாகிறது.

இதிலிருந்து உங்கள் ஸ்டாப் லாஸுக்கும் விடை கிடைக்கிறது. ஸ்ட்ரைக் என்பது கோடு, விற்றவர்களின் வலி ஒரு பட்டை. எக்ஸ்பயரி நாளில் அந்தப் பட்டை தோராயமாக ஸ்ட்ரைக்கிலிருந்து ஸ்ட்ரைக்கும் பிரீமியமும் சேர்ந்த நிலை வரை. முந்தைய நாள்களில் ஸ்ட்ரைக்குக்குக் கீழிருந்தே அது தொடங்கிவிடும். 25,210-இல் ஸ்டாப் வைப்பது அந்தப் பட்டையின் நட்ட நடுவில் நிற்பது. தடை உண்மையாகவே தாங்கும் நாளிலும் சாதாரண ஆட்டத்தில் அடிபடும். பட்டைக்கு வெளியே வைத்து அதற்கேற்ப லாட்டைக் குறையுங்கள். அவ்வளவு தூரம் கட்டுப்படியாகாது என்றால் அந்த வர்த்தகத்தை விட்டுவிடுங்கள்.

எக்ஸ்பயரி நாளின் கடைசி ஒரு மணி நேரத்தில் இந்தப் படிப்பு முழுவதும் குழம்பும். இலாபத்தில் இருப்பவரும் கணக்கை முடிப்பதால் ஒப்பந்தங்கள் எல்லா ஸ்ட்ரைக்கிலும் குறையும். அதை ஷார்ட் கவரிங் என்று படித்தால் ஏமாற்றம். அப்போது பிரீமியமும் சேர்ந்து ஏறுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். இன்னொன்று, திரையில் ஓப்பன் இன்ட்ரஸ்ட் சில நிமிட இடைவெளியில்தான் புதுப்பிக்கப்படும், விலையோ நொடிக்கு நொடி மாறும். உடைப்பு நடக்கும் தருணத்தில் நீங்கள் காண்பது சற்று முந்தைய படம்.

செய்தி நாள்களில் செயினை மூடியே வைக்கலாம். தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4 அன்று, முந்தைய நாள் 23,264-ஐ ஒட்டி முடிந்திருந்த நிஃப்டி 21,281 வரை விழுந்து, 21,884-இல் நின்றது. வழியில் 23,000, 22,500, 22,000 என்று எத்தனை முழு எண்கள்! அன்று புட் விற்றவர்களுக்கு அவற்றைக் காக்கும் எண்ணம் இருந்திருக்காது, வெளியேறும் வழிதான் தேவைப்பட்டிருக்கும்.

நாளைக் காலையிலிருந்து பத்து அமர்வுகள் வர்த்தகம் செய்யாமல் நோட்டில் மட்டும் எழுதிப் பாருங்கள். 9:45-க்குக் குறித்த தடையை விலை நெருங்கும்போது ஒப்பந்தங்கள் கூடினவா குறைந்தனவா, பிரீமியம் ஏற வேண்டியதைவிடக் கூடுதலாக ஏறியதா என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதி, பக்கத்தில் திரும்பியதா உடைத்ததா என்று குறியுங்கள். விரும்பினால் அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள்.