பூக்காத அரலியாக் கொப்பு

கேள்வி: தெரிந்த வீட்டில் அரலியாக் கொப்பு ஒன்று வாங்கி வந்து நட்டு நாலு வருசமாகிறது. இலை நன்றாகத் தள்ளுகிறது, ஆனால் ஒரு பூக்கூட இல்லை. மரத்தில் ஏதும் குறையா?

பெரும்பாலும் மரத்தில் குறை இருக்காது. கொப்பை எந்த இடத்தில் வெட்டினார்கள், நீங்கள் அதை எங்கே நட்டீர்கள், பிறகு யாராவது தறித்தார்களா என்ற மூன்றையும் பாருங்கள். நான் இந்த மூன்றிலும் பிழை விட்டவன் என்பதால் என் கதையையே சொல்கிறேன்.

2016 கச்சான் காற்றில் மாமி வீட்டு அரலியாவின் ஒரு கொப்பு முறிந்து விழுந்தது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். ஐந்தடி நீளக் கொப்பு. நான் அதை மூன்று துண்டாக வெட்டி, இலைக்கொத்தோடு இருந்த நுனித் துண்டை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, அடிப்பக்கத்துத் தடித்த இரண்டு துண்டுகளையும் நான் வைத்துக்கொண்டேன். தடித்ததுதான் நல்லது என்று நினைப்பு. அடுத்த வருசம் சித்திரை கழிந்ததும் அக்காவின் முற்றத்தில் பூ. உப்புவெளியில் என் வளவில் நின்ற இரண்டும் 2021 வரை இலையைத்தான் காட்டின. ஒரே மரம், ஒரே கொப்பு, ஒரே கிழமையில் நட்டது.

அரலியாவுக்குப் பூங்கொத்து கொப்பின் நுனியில் மட்டும்தான் வரும். செவ்வரத்தைபோல இலைக்கக்கத்தில் எல்லாம் பூக்காது. ஒரு நுனி பூத்தால் அதன் வேலை முடிந்தது. பூங்கொத்துக்குக் கீழிருந்து இரண்டு மூன்று புதுக் கொப்புகள் பிரியும், அடுத்த பூ அவற்றின் நுனிகளில். பூக்கும் மரத்தில் வெட்டிய நுனித் துண்டு, பூக்கும் பக்குவத்தில் உள்ள மொட்டோடேயே வருகிறது. வேர் பிடித்தால் அடுத்த பருவத்திலேயே பூக்கலாம். நடுத் துண்டுக்கு நுனியே இல்லை. இலை உதிர்ந்த தழும்புக்கு மேலே உறங்கிக் கிடக்கும் மொட்டு ஒன்று முளைத்து, புதுக் கொப்பாக நீண்டு, தடித்து, முற்றின பிறகுதான் பூவைப் பற்றி யோசிக்கும். நல்ல வெயிலிலும் அதற்கு இரண்டு மூன்று வருசம் போகும். விதையில் முளைத்த கன்று இன்னும் மெதுவானது. மூன்று வருசத்துக்கு முன் பூவை எதிர்பார்க்க வேண்டாம். அப்படிப் பூத்தாலும் தாய்மரத்தின் நிறம்தான் வரும் என்று சொல்ல முடியாது.

ஆகவே நட்ட துண்டு எது என்று நினைவில்லாவிட்டால் மரத்தையே பாருங்கள். முதல் கவட்டை அருகில் போய்ப் பார்த்தால் விசயம் தெரியும். பூத்துப் பிரிந்த கவட்டின் நடுவில், காய்ந்த பூக்காம்பு விழுந்த சின்னத் தழும்பு இருக்கும். கவட்டின் நடுவில் தட்டையான அகல வெட்டுவாய் இருந்தால் அது கத்தி பிரித்த கவடு. கவடே இல்லாமல் ஒற்றைத் தடியாக நிற்கிறதா? அந்த நுனி இன்னும் ஒருமுறையும் பூக்கவில்லை.

என் மரங்களில் இருந்தவை எல்லாம் கத்திக் கவடுகள். மாரி தொடங்குமுன் கறன்ட் கம்பியில் முட்டுகிறது என்று அப்பா வருசாவருசம் நுனிகளைத் தறித்துவிடுவார். முற்றி வந்த நுனி போய், கீழே நாலு புதுத் துளிர் வரும். அவை முற்றுமுன் அடுத்த வருசக் கத்தி வந்துவிடும். மரம் புதர்போல அழகாகத்தான் இருந்தது. பூக்க மட்டும் ஒரு நுனி மிஞ்சவில்லை.

அடுத்தது வெயில். எங்கள் ஊரில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். ஊருக்கு இல்லை, மாமரத்தின் கீழே இருக்கிறது. அரலியாவுக்கு நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர்வெயில் வேண்டும். மதிலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கணக்கில் வராது. தை மாதத்தில் அளக்காதீர்கள். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால் நிழல் வேறு இடத்தில் விழும். சித்திரைப் புத்தாண்டையொட்டித் திருகோணமலைக்கு நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே வரும். அந்த நாட்களில் காலை எட்டு மணி தொடங்கி இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போய், இலையில் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். நான் பார்த்தபோது ஒரு மரத்துக்குப் பத்து மணியோடு வெயில் முடிந்துவிட்டது.

மரமும் இதைக் காட்டிக்கொடுக்கும். தடியில் இலைத் தழும்புகள் ஒன்றோடொன்று நெருக்கமாக, தடி பெருவிரலைவிடத் தடித்து நின்றால் வெயில் போதும். தழும்புகளுக்கு இடையில் நீண்ட இடைவெளி விட்டு, மெலிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து போனால் அது வெளிச்சத்தைத் தேடி ஓடுகிற கொப்பு. என்னுடையது சாய்ந்து போய் ஒழுங்கைப் பக்கம் எட்டிப் பார்த்தது!

உரம் பற்றி ஒரு வரி போதும். மீன் கழுவின தண்ணியை நாளாந்தம் அடியில் ஊற்றினால் பெரிய பெரிய இலைதான் கிடைக்கும். அதை முருங்கைக்கு ஊற்றுங்கள்.

கடைசியில் நான் செய்தது இதுதான். மாமரத்தின் இரண்டு கிளைகளை இறக்கினேன், அரலியாவில் கத்தி வைப்பதை நிறுத்தினேன். பிறகும் ஒரு வருசம் ஒன்றும் நடக்கவில்லை. 2023 வைகாசியில் முதல் கொத்து. நிழலில் நின்ற மற்றதைக் காப்பாற்ற முயலவில்லை. அதில் ஒரு நுனியை வெட்டி வெயிலில் நட்டால் என்ன என்று கேட்கலாம். ஒருமுறையும் பூக்காத மெல்லிய நிழல் நுனியை நடுவதில் லாபமில்லை, அதுவும் முதலில் தடிக்க வேண்டும். அக்காவின் மரத்திலிருந்தே நுனி வாங்கினேன்.

நீங்களும் வாங்குவதானால் மாரி விட்டு மண் காய்ந்த பிறகு, மாசி பங்குனியில் வாங்குங்கள். நுனியோடு ஒன்றரை அடி, அடிப்பக்கம் பச்சை மாறிச் சாம்பல் நிறமாக முற்றியிருக்க வேண்டும். பால் கண்ணில் படக்கூடாது. மேலே குஞ்சு இலைகளை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, நிழலில் பத்து நாள் சாத்தி வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து கட்டியாக வேண்டும். ஈரத்தோடு நட்டால் அழுகும். பிறகு ஆற்றுமணல் பாதி, மண் பாதி கலந்த சாடியில் நாலு அங்குல ஆழத்தில் நட்டு, ஆடாமல் ஒரு தடியோடு கட்டி, ஒருமுறை தண்ணி ஊற்றுங்கள். புது இலை விரியும் வரை கை கட்டி இருப்பதுதான் கடினம். மண் முழுக்கக் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் ஊற்றலாம். வேர் பிடிக்க ஆறு தொடங்கி எட்டுக் கிழமை எடுக்கும். தடி கொஞ்சம் சுருங்கினால் பயமில்லை. அடி மெதுமெதுவென்று அமுங்கி, பழுப்பாகி, மணத்தால் அழுகல். உடனே மேலே நல்ல வெள்ளைத் தசை தெரியும் வரை வெட்டி, மறுபடி காயவையுங்கள்.

சிலவேளை வேர் வருமுன்னே நுனியில் பூங்கொத்து எட்டிப் பார்க்கும். இலைக்கொழுந்து சுருட்டிய கூர்போல இருக்கும், பூங்கொத்து கோழிநகம்போலப் பல முனைகளோடு வரும். அந்த முதல் கொத்தை மட்டும் கிள்ளிவிடுங்கள். அக்கா கிள்ளச் சொன்னபோது எனக்கு மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். மூன்று பூ விரிந்தது, தடி வாடி, வேர் வர இன்னும் இரண்டு மாதம் போனது.