தோடி காந்தாரம் ஏன் ஆர்மோனியத்தில் வருவதில்லை?

"ஸ்வரத்தை அப்படியே நீட்டிப் பிடிப்பதற்கும் கமகத்தோடு பாடுவதற்கும் என்ன வித்தியாசம்? தோடி ராகத்தின் காந்தாரத்தை ஆர்மோனியத்தில் வாசித்தால் தோடி மாதிரியே இல்லையே?"

ஆர்மோனியக் கட்டை ஒரே இடத்தில் நிற்கும். தோடியில் பாடும் 'சாதாரண காந்தாரம்' என்ற ஸ்வரம் பெரும்பாலும் அங்கே நிற்பதே இல்லை. கீழே ரிஷபத்தின் பக்கமும் மேலே மத்யமத்தின் பக்கமுமாக அது அசைந்துகொண்டே இருக்கும். கமகம் என்கிற அந்த அசைவைத்தான் காது 'க' என்று எடுத்துக்கொள்கிறது. வீணையில் பலர் ரிஷப மெட்டிலேயே விரலை வைத்துத் தந்தியை இழுத்து இழுத்து விடுவார்கள். அதே காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்தினால் சிந்துபைரவி ராகத்தின் வாடைதான் அடிக்கும்.

புதிதாகப் பாடுகிறவர்கள் இதை வேகமான, சின்ன நடுக்கமாக்கிவிடுவார்கள். அசைவு அகலமாக, நிதானமாக இருக்க வேண்டும். அப்புறம், எல்லாவற்றையும் அசைக்கவும் கூடாது: ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் நேராகவே பிடியுங்கள்.