ஃபீஸ் பாக்கியைக் கேட்பது எப்படி?

வணக்கம். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு டியூஷன் சென்டர் நடத்துகிறேன். ஃபீஸ் பாக்கிக்காக பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படிப் போட்டேன்: "கட்டணம் செலுத்தத் தவறிய பெற்றோர் கவனத்திற்கு! பலமுறை நினைவூட்டியும் சிலர் அலட்சியமாக இருக்கிறீர்கள். உடனடியாகக் கட்டாவிட்டால் மாணவர்கள் வகுப்பில் அனுமதிக்கப்பட மாட்டார்கள்." பாக்கி வைத்த ஏழு பேரில் ஒருவர்தான் கட்டினார். ஏற்கெனவே கட்டிய இருவர் கோபித்துக்கொண்டார்கள். எப்படி எழுதியிருக்க வேண்டும்?

— டியூஷன் சென்டர் உரிமையாளர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் குரூப்பை விடுங்கள். பாக்கி விவரம் அந்தந்த வீட்டுக்குத் தனியாகத்தான் போக வேண்டும். பல வீடுகளில் அந்த ஃபோனைப் பிள்ளைதான் வைத்திருக்கும். "அனுமதிக்கப்பட மாட்டார்கள்" என்பதை அப்பா பார்ப்பதற்கு முன்பே அது படித்துவிடும்.

அடுத்து, உங்கள் செய்தியில் எவ்வளவு, எந்த மாதத்துக்கு, எப்போதைக்குள் என்ற மூன்றும் இல்லை. "உடனடியாக" என்பது தேதி ஆகாது. மாதச் சம்பளக்காரருக்கு அது ஒன்றாம் தேதிக்குப் பிறகு, வாரக்கூலிக்காரருக்கு சனிக்கிழமை.

"நீங்கள் கட்டவில்லை" என்று எழுதினால் ஆள் குற்றவாளியாகிறார். "இவ்வளவு வரவேண்டியுள்ளது" என்றால் பேச்சு பணத்தைப் பற்றியது மட்டும். "அலட்சியம்" என்ற சொல்லை அடியோடு எடுத்துவிடுங்கள். காரணம் உங்களுக்குத் தெரியாது. அதற்குப் பதில் நான்கு "தயவுசெய்து" சேர்த்தாலும் மரியாதை கூடிவிடாது. சரியான கணக்கைச் சொல்வதே மரியாதை.

இப்படி அனுப்பலாம்:

"வணக்கம். கவினின் ஜூலை, ஆகஸ்ட் மாதக் கட்டணம் 2,400 ரூபாய். ஜூலை 12 அன்று நீங்கள் கொடுத்த 500 ரூபாய் போக, 1,900 ரூபாய் வரவேண்டியுள்ளது. செப்டம்பர் 10-க்குள் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜிபேயில் அனுப்பினால் குறிப்பில் கவின் பெயரை எழுதுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் தேதியைச் சொல்லுங்கள், பார்த்துத் திருத்திவிடுகிறேன். இரண்டு தவணையாகக் கட்டுவதானாலும் சரி, இரவு 8 முதல் 9 வரை என்னை அழைக்கலாம்."

500 ரூபாயைச் சொல்வது முக்கியம். கொடுத்ததைக் கணக்கில் பார்க்கும் பெற்றோர் மீதியைப் பற்றித் தகராறு செய்வது அபூர்வம். குறிப்பில் பிள்ளை பெயர் கேட்பதற்கும் காரணம் உண்டு: பணம் பெரும்பாலும் சித்தப்பா அல்லது மாமாவின் எண்ணிலிருந்து வரும், யாருடைய ஃபீஸ் என்று உங்கள் நோட்டில் ஏறாது. கோபித்துக்கொண்ட அந்த இருவர் விஷயத்தில் இதுதான் நடந்ததா என்று பாருங்கள். அனுப்பும் முன் வங்கிக் கணக்கையும் நோட்டையும் ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால் இது வராது.

வகுப்புக்கு விடமாட்டேன் என்ற வரி இதில் வேண்டாம். எழுதிவிட்டு மறுநாள் பிள்ளையை உட்கார வைத்தால், அடுத்த செய்தியை யாரும் நம்பமாட்டார்கள். 10-ஆம் தேதியும் தாண்டினால் 11-ஆம் தேதி ஃபோனில் பேசுங்கள், பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதீர்கள். பேசி ஒத்துக்கொண்ட தொகையையும் தேதியையும் அன்றே ஒரு வரியில் அவருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள்.