ஒரே பாட்டு, மூன்று அறை: ஒன்று ஏன் பிந்துகிறது?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி: வீட்டில் மூன்று புளூடூத் ஸ்பீக்கர்கள், மூன்றும் வெவ்வேறு கம்பனி. போனில் இரண்டை ஒன்றாக இணைத்தால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. எதை மாற்ற வேண்டும்?

இணைப்பு முறையைத்தான் மாற்ற வேண்டும். புளூடூத்தில் சுருங்கி வரும் பாட்டை ஒவ்வொரு ஸ்பீக்கரும் கொஞ்சம் சேமித்து வைத்து, விரித்து, அப்புறம்தான் ஒலிக்கும். இதற்குப் பெரும்பாலும் 150 முதல் 250 மில்லிசெக்கன் வரை பிடிக்கும். எவ்வளவு சேமிப்பது என்பதை அந்தந்த ஸ்பீக்கரே முடிவு செய்கிறது, பக்கத்து அறை ஸ்பீக்கர் பாட்டில் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டு ஒலிகளுக்கு நடுவே ஏறக்குறைய 30 மில்லிசெக்கன் வரை இருந்தால் காது அதை ஒரே பாட்டாக எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் நீங்கள் சொல்லும் கிணற்றுச் சத்தம்தான்.

வைஃபை வழியாக இயங்கும் முறைகளில், பாட்டின் ஒவ்வொரு துண்டிலும் அதை எந்த நேரத்தில் ஒலிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். எல்லா ஸ்பீக்கரும் முதலில் தங்கள் கடிகாரத்தை ஒன்றோடொன்று சரிபார்த்துக்கொண்டு, அந்த நேரம் வரும்வரை காத்திருக்கும். இலவசமாகச் செய்ய வேண்டுமென்றால் ஸ்னாப்காஸ்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. பழைய கணினி ஒன்று பாட்டை அனுப்பும், அறைக்கு ஒரு ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி அதை வாங்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும்.

பண்டாரவளையிலிருந்து ஒருவர்: அண்ணா, நான் ஸ்னாப்காஸ்ட்தான் பாவிக்கிறேன். ஹோலிலும் படுக்கையறையிலும் சரியாக இருக்கிறது. குசினி மட்டும் எப்போதும் பிந்துகிறது. அங்கே ராஸ்பெரி பையிலிருந்து ஒரு புளூடூத் ஸ்பீக்கருக்குப் போகிறது.

காரணம் உங்கள் கடைசி வசனத்திலேயே இருக்கிறது. ராஸ்பெரி பை சரியான நேரத்தில்தான் பாட்டை விடுகிறது, அதற்குப் பிறகு புளூடூத் எடுத்துக்கொள்ளும் நேரம் அதன் கணக்கில் வருவதில்லை. எப்போதும் ஒரே அளவு பிந்தினால் அதை அளந்து கழித்துவிடலாம். காதால் மதிப்பிட வேண்டாம், அளப்பதற்குக் கால் மணி நேரம் போதும்.

குசினி ஸ்பீக்கரைத் தூக்கிவந்து ஹோல் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வையுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெக்கன் எடுக்கும். குசினி 8 மீட்டர் தள்ளி இருந்தால், ஹோலில் நின்று அளக்கும்போது 23 மில்லிசெக்கன் பொய்யாகக் கூடிவிடும்.

அடுத்து, இரண்டு செக்கனுக்கு ஒருமுறை 'டிக்' என்று மட்டும் அடிக்கும் ஒலிக் கோப்பு ஒன்றைக் குழு முழுவதற்கும் போடுங்கள். வேகமாக அடித்தால் எந்த டிக் எதற்குச் சோடி என்று குழம்பிப்போகும். போனில் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். போனை ஹோல் ஸ்பீக்கருக்குக் கொஞ்சம் நெருக்கமாகப் பிடித்தால் அதன் கோடு உயரமாக விழும், எது எது என்று பார்த்தவுடன் தெரியும். பதிவை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால் ஒவ்வொரு டிக்குக்கும் இரண்டு முனைகள் தெரியும். அவற்றுக்கு இடையே உள்ள நேரத்தை மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். உதாரணமாக 182, 190, 186 என்று வந்தால் சராசரி 186.

இனி பாட்டை அனுப்பும் கணினியின் முகவரியை உலாவியில் திறந்தால் (`http://192.168.1.20:1780` போல, நடுவிலுள்ள எண் உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாறும்) அறைகளின் பட்டியல் வரும். குசினியின் அமைப்பில் `Latency` என்ற இடத்தில் 186 போடுங்கள். இந்த ஸ்பீக்கர் இவ்வளவு பிந்தும், அதனால் முன்கூட்டியே அனுப்பு என்பதுதான் அதன் பொருள். திரும்பவும் பதிவு செய்து பாருங்கள். 10க்குக் கீழே வந்தால் அதற்கு மேல் கஷ்டப்படத் தேவையில்லை. இடைவெளி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டால் தவறான அறைக்குப் போட்டுவிட்டீர்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள். புளூடூத் ஒவ்வொரு முறை அறுந்து இணையும்போதும் இந்த எண் மாறக்கூடும். கரண்ட் போய் வந்த பிறகு மறுபடி பிந்துகிறது என்றால் அதுதான் காரணம். அந்த ஸ்பீக்கரில் 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தால் ஒரு வயர் வாங்கி ராஸ்பெரி பையோடு நேரே இணைத்து, `Latency` எண்ணைத் திரும்பப் பூச்சியமாக்குங்கள். என்னைக் கேட்டால் அளப்பதைவிட அந்த வயர்தான் முதல் வேலை.

தலவாக்கலையிலிருந்து: இரண்டு பழைய போன்களில் ஒரே பாட்டுத் தொகுப்பை ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒன்றாக அழுத்துகிறோம். தொடக்கம் நன்றாக இருக்கிறது. அரை மணி நேரத்தில் விலகிவிடுகிறது.

உங்கள் கை பிழையில்லை. ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு படிகக் கடிகாரம் ஓடுகிறது, இரண்டு கடிகாரங்கள் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம், அது மிகச் சிறிய அளவுதான். ஆனால் அரை மணி நேரம் என்பது 1800 செக்கன், அதில் 90 மில்லிசெக்கன் விலகிப்போகும். காது பொறுக்கும் அளவைப்போல மூன்று மடங்கு அது.

இது நேரம் போகப் போக வளரும் விலகல் என்பதால், பண்டாரவளைக்காரர்போல ஒரு எண்ணைக் கழித்துத் தீர்க்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்த வேண்டும். ஸ்னாப்காஸ்ட் போன்றவை வேகத்தை இடைவிடாமல் மிகச் சிறிதாகக் கூட்டிக் குறைத்து அதைச் செய்கின்றன. போன்களை மட்டும் வைத்துத்தான் செய்ய வேண்டுமென்றால், தனித்தனிப் பாட்டாக வைத்து ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்ப ஒன்றாக அழுத்துங்கள், வேறு வழியில்லை.

மஸ்கெலியாவிலிருந்து: பழைய கல் வீடு. ஸ்னாப்காஸ்ட்டில், 4ஜி இணைப்பு வழியாக இணைய வானொலி கேட்கிறோம். பின்னறையில் மட்டும் பாட்டு விட்டு விட்டு வருகிறது. மழை பெய்தால் எல்லா அறையிலும் நின்றுவிடுகிறது.

இவை இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள். எல்லா அறையும் ஒரே நேரத்தில் நின்றால் பாட்டு வருகிற இடத்தில் தடை, அதாவது உங்கள் 4ஜி இணைப்பில். இணைய வானொலிக்குப் பதிலாகக் கணினியிலேயே இருக்கும் பாட்டைப் போட்டுப் பாருங்கள், நிற்காவிட்டால் உறுதி. ஒரு அறை மட்டும் விட்டு விட்டு வந்தால் கல் சுவரைத் தாண்டி வைஃபை போய்ச் சேரவில்லை. பின்னறைக்கு 5 கிகாஹேர்ட்ஸ் வேண்டாம், 2.4 சுவரைக் கொஞ்சம் நன்றாகத் தாண்டும். அதுவும் போதாவிட்டால் சேமிப்பைக் கூட்டுங்கள். பாட்டை அனுப்பும் கணினியின் `/etc/snapserver.conf` கோப்பில் வழக்கமாக 1000 மில்லிசெக்கன் இருக்கும்.

```
[stream]
buffer = 2000
```

மாற்றிய பிறகு `sudo systemctl restart snapserver` கொடுங்கள். இனி நிறுத்து என்று அழுத்தினால் பாட்டு நிற்க இரண்டு செக்கன் ஆகும், அது இந்த முறைக்குக் கொடுக்கிற விலை. பின்னறைவரை ஒரு நெற்வேர்க் வயர் இழுக்க முடிந்தால் இவை எதுவும் தேவைப்படாது.

நுவரெலியாவிலிருந்து: விசேஷத்துக்கு விறாந்தையில் ஒரு ஸ்பீக்கர், கீழே முற்றத்தில் 34 மீட்டர் தள்ளி இன்னொன்று. இரண்டும் சரியாக ஓடியும் முற்றத்தில் இரட்டையாகக் கேட்கிறது.

இங்கே பிந்துவது காற்று. உங்கள் ஊர்க் குளிரில், 15 பாகை அளவில், ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 34 மீட்டருக்கு 100 மில்லிசெக்கன். மேல் ஸ்பீக்கருக்கு `Latency` 100 கொடுத்தால் அது அவ்வளவு முந்தி ஒலிக்கும், முற்றத்துக்கு இரண்டும் சேர்ந்து வந்துவிடும். ஆனால் அப்போது விறாந்தையில் இருப்பவர்களுக்குக் கீழ்ச் சத்தம் 200 மில்லிசெக்கன் பிந்திக் கேட்கும். அதனால் கீழ் ஸ்பீக்கரை வீட்டுக்கு முதுகு காட்டித் திருப்பி, சத்தத்தையும் குறைத்து வையுங்கள்.